கழித்துப் பெருக்குவதா, சுற்றிப் பெருக்குவதா: கலப்பெண்களில் முக்கோணப் பரப்பு

z1, z2, z3 என்ற மூன்று கலப்பெண்கள் தரப்பட்டால், அவற்றை உச்சிகளாகக் கொண்ட முக்கோணத்தின் பரப்பைக் காணவும், அவை ஒரே கோட்டில் அமைகின்றனவா என்று சோதிக்கவும் பல கோவைகள் உள்ளன. என் நிரல் ஒன்றிற்காக அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஓர் உச்சியைக் கழித்துவிட்டுப் பெருக்கும் கோவையையே இறுதியில் வைத்துக்கொண்டேன். இந்த அலசலும் அதன் பக்கமே சாயும்.

அந்தக் கோவையில் a = z2 − z1, b = z3 − z1 என்று எடுத்துக்கொண்டு, a-இன் இணை எண்ணை b-ஆல் பெருக்க வேண்டும். கிடைக்கும் w-இன் கற்பனைப் பகுதியில் பாதியின் எண்ணளவே பரப்பு.

```
a = z2 - z1
b = z3 - z1
w = a.conjugate() * b
area = abs(w.imag) / 2
```

உச்சிகள் 1+2i, 4+3i, 2+6i எனில், a = 3+i, b = 1+4i ஆகும். (3−i)(1+4i) என்ற பெருக்கல் 7+11i என்று முடிவதால், பரப்பு 5.5. கற்பனைப் பகுதி மிகை எண்ணாக இருப்பது, z1, z2, z3 என்ற வரிசை இடஞ்சுழியாகச் செல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது.

போட்டிக் கோவை மூன்று உச்சிகளையும் சமமாக நடத்துகிறது. z̄1z2 + z̄2z3 + z̄3z1 என்ற கூட்டுத்தொகையின் கற்பனைப் பகுதியில் பாதியை எடுத்தால் அதே பரப்பு கிடைக்கும். மேற்கண்ட உச்சிகளுக்கு மூன்று பெருக்கல்களின் கற்பனைப் பகுதிகள் −5, 18, −2, கூட்டினால் 11. நிறுவல்களில் இதன் சமச்சீர் அழகானது, பல உச்சிகள் உள்ள பலகோணத்திற்கும் இதை அப்படியே நீட்டலாம். z, z̄, 1 ஆகியவற்றை நிரல்களாகக் கொண்ட அணிக்கோவையும் இதன் மறுவடிவமே. அதன் மதிப்பை i/4 ஆல் பெருக்கினால் குறியுடன் கூடிய பரப்பு வரும்.

மூன்றாவதான b/a என்ற வகுத்தல், ஒருகோட்டமைவுக்கு மட்டும் பயன்படுவது: விடை மெய்யெண் எனில் மூன்றும் ஒரே கோட்டில் உள்ளன. z3 = 10+5i என்று மாற்றினால் b/a = 3 என வந்து, z3 எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறது என்பதையும் காட்டும். ஆனால் z1-உம் z2-உம் ஒன்றாகிவிட்டால் பூச்சியத்தால் வகுக்க நேரிடும். பெருக்கல் வடிவமோ அப்போது 0 என்று அமைதியாகச் சொல்லிவிடும்.

தாளில் கணக்கிடுபவருக்கு இவற்றுள் எதுவும் போதும். கணினியில் என்னைத் தீர்மானிக்க வைத்தது, புள்ளிகள் ஆதியிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதுதான். மேற்கண்ட மூன்று புள்ளிகளையும் இரு அச்சுகளிலும் 10⁹ நகர்த்தினால் முக்கோணம் மாறாது, பரப்பு 5.5 ஆகவே இருக்க வேண்டும். ஆனால் சுற்றிப் பெருக்கும் கோவையில் ஒவ்வொரு பெருக்கலிலும் 10¹⁸ அளவுள்ள எண்கள் உருவாகின்றன. 64 பிட் மிதவைப் புள்ளி எண்களுக்கு அந்த அளவில் அடுத்தடுத்த எண்களிடையே 128 இடைவெளி இருப்பதால், கடைசியில் உள்ள 3, 8, 24 போன்ற சிறு எண்கள் முழுவதும் முழுமையாக்கலில் மறைந்துபோகின்றன. N = 10⁹ எனக் கொண்டால், மீதமுள்ள மூன்று கற்பனைப் பகுதிகள் −2N, 5N, −3N ஆகி, சரியாக 0 என்று கூடுகின்றன. பரப்பு இல்லை, புள்ளிகள் ஒரே கோட்டில் உள்ளன என்று கோவை தயக்கமின்றிப் பொய் சொல்கிறது. விடை சற்றே பிசகியிருந்தால் ஐயம் எழுந்திருக்கும். தூய பூச்சியம் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. முதலில் கழித்துவிட்டால் 3+i, 1+4i என்ற அதே சிறு எண்கள் பிழையின்றி வருகின்றன, 11-உம் வருகிறது.

இதில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அணிக்கோவையை z1(z̄2 − z̄3) என்பது போன்ற கழித்தல் உறுப்புகளாக விரித்தால் அதுவும் இந்த எடுத்துக்காட்டில் தப்பிக்கிறது. ஆகவே பழி கோவையின் வடிவத்தைவிட, கழித்தல் எப்போது நடக்கிறது என்பதையே சாரும். மேலும், தரப்பட்ட புள்ளிகளே முன்னதாக முழுமையாக்கப்பட்டிருந்தால், இழந்த இலக்கங்களைக் கழித்தல் மீட்டுத்தராது.

ஒருகோட்டமைவைச் சோதிக்கும்போது w.imag பூச்சியமா என்று நேரடியாகக் கேட்பதும் தவறு, அதை நிலையான சிறு எண்ணுடன் ஒப்பிடுவதும் தவறு. பக்கங்கள் 10⁻⁶ அளவே உள்ள நேர்த்தியான சமபக்க முக்கோணத்தின் பரப்பு 10⁻¹² ஐவிடச் சிறியது என்பதால், அது கோடாகத் தோன்றிவிடும். ஆகவே |w.imag|-ஐ |a||b|-உடன் ஒப்பிட வேண்டும்; அந்த விகிதம் z1-இல் உள்ள கோணத்தின் சைன் மதிப்பே. அதற்கான எல்லையாக நான் 10⁻⁹ வைத்திருக்கிறேன். என் தரவுகளுக்கு அது ஒத்துவந்தது என்பதற்கு மேல், வேறு அளவீடுகளுக்கும் பொருந்தும் என்று நான் உறுதி கூற இயலாது.