ஃபோட்டோஷொப்பில பறக்கிற முடியை எடுக்க Dust & Scratches நல்லமா, Clone Stamp நல்லமா?

காலிமுகத்திடல் காத்தில அவுட்டோர் முடிச்சிட்டு பொம்பிளை அப்பிடியே ஸ்டூடியோக்குள்ள வந்து நிண்டா, எவ்வளவு ஸ்ப்ரே அடிச்சிருந்தாலும் கொண்டையைச் சுத்தி முடி சுருண்டு சுருண்டு கிளம்பி நிக்கும். 24 மெகாபிக்சல் படம், சாம்பல் பேப்பர் பக்ரவுண்ட், பின்னால ஒரு ரிம் லைட், தலையில மல்லிகைச் சரம் எண்டு வச்சுக்கொள்ளுவம்.

வேகம் எண்டா Dust & Scratches தான். லேயரை டூப்ளிகேட் பண்ணி ஃபில்டரைப் போட்டு, கறுப்பு மாஸ்க் வச்சு, முடி பறக்கிற இடத்தில மட்டும் வெள்ளை பிரஷ்ஷால பூசினா ரெண்டு நிமிசத்தில பக்ரவுண்ட் க்ளீன். ஒவ்வொரு பிக்சலைச் சுத்தியும் இருக்கிற நிறங்களில நடுவில வாற நிறத்தைத்தான் அது எடுக்குது, மெல்லிய முடி அந்த வட்டத்தில பாதி கூட இல்லாததால காணாமப் போகுது. அதனால Radius முடியின்ட தடிப்பை விட நல்லாக் கூட இருக்கோணும், இந்தப் படத்துக்கு 15, 20 காணும். Threshold-ஐ 0-ல விட்டா கிரெய்னும் சேர்ந்து வழிச்செடுபடும், பிறகு பெரிய பிரிண்டில அந்த இடம் மட்டும் பிளாஸ்டிக் மாதிரித் தெரியும், கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி கிரெய்ன் திரும்பி வந்த உடன நிப்பாட்டுங்கோ.

ஆனா தலைக்குக் கிட்டப் போனா இது சரிவராது, அங்க வட்டத்தில பாதிக்கு மேல முடிதான், ஓரம் உருண்டு விக் வச்ச மாதிரி வரும், மல்லிகை இதழின்ட நுனியும் கரையும். அங்க Clone Stamp தான், அதுவும் நோர்மல் மோட்டில இல்ல. கறுத்த முடிக்கு Lighten போட்டு பக்கத்துப் பக்ரவுண்டை சாம்பிள் எடுத்தா அதை விட இருண்டது மட்டும்தான் மாறும். ரிம் லைட் பட்டு மினுங்கிற முடி பக்ரவுண்டை விட வெளிச்சம் எண்டதால Lighten-ல அசையாது, அதுக்கு Darken. ஒரே தலையில ரெண்டும் வேணும், இது தெரியாமத்தான் கனபேர் டூல் வேலை செய்யுதில்ல எண்டு Healing Brush-க்குப் போறவை, அது ஓரத்தில இருக்கிற கறுப்பை பக்ரவுண்டுக்குள்ள இழுத்து அழுக்காக்கும் (கன்னத்தில, காதில விழுந்த முடிக்கு மட்டும் அது நல்லம்).

நெத்தியோரம் ஐதா இருந்தா ரெண்டு டூலும் உதவாது, புது லேயரில 2, 3 பிக்சல் பிரஷ்ஷால பக்கத்து முடியின்ட நிறத்தை எடுத்து, முடி வளர்ற பக்கத்துக்கே வேரில இருந்து இழுத்து வரையோணும். ஒரே கறுப்பில வரைஞ்சா மை பூசின மாதிரித்தான்.

என்னைக் கேட்டா தூர நிக்கிறதுக்கு ஃபில்டர், தலையில இருந்து ஒரு விரல் அகலத்துக்கு Clone Stamp, அதிலயும் கொண்டையின்ட வளைவோட போற மெல்லிய முடி நாலைஞ்சை தொடவே மாட்டன். மாஸ்க் சரியோ எண்டு பாக்க மேல ஒரு Curves போட்டு கொன்ட்ராஸ்டைக் கூட்டுங்கோ, மிச்ச அழுக்கெல்லாம் அப்பவே தெரியும், பிறகு அந்த லேயரை அழிச்சிட்டு அனுப்புங்கோ.