பழைய பெட்டியா, கலர் டிவியா?

1978 டிசம்பர் 28-இல் மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியே போதுமா, கலர் டிவி வாங்குவதா என்பதுதான் பினாங்கில் எங்கள் வீட்டிலும் கேள்வி. "பழைய பெட்டியில் இனிப் படம் வராதா?" என்றார் பாட்டி. வரும். அன்றைய PAL என்ற வண்ண ஒளிபரப்பு முறையில் வெளிச்சமும் வண்ணமும் தனித்தனிச் சமிக்ஞைகளாக வரும். பழைய பெட்டி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

படம்: அந்த வெளிச்சத்தில் பச்சையின் பங்கு 59%, சிவப்பு 30%, நீலம் 11%. பளிச்சென்ற சிவப்புப் புடவைக்கு அதில் பாதி பிரகாசத்தில் பச்சைக் கரை இருந்தால், கலரில் கண்ணைப் பறிக்கும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல். கரையே காணாமல் போகும். அதனால் இருவகைப் பெட்டிக்கும் நிகழ்ச்சி செய்தவர்கள் நிறத்தோடு வெளிர், அடர் வேறுபாட்டையும் பார்த்தே உடை தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எனக்கு இதுதான் பெரிய மாற்றம்.

ஏரியல்: மலை மறைக்கும் இடத்தில் அலை பலவீனமானால் அன்றைய கலர் பெட்டி வண்ணத்தை அணைத்துவிடும்.

பராமரிப்பு: ஸ்பீக்கர் காந்தம் அருகில் இருந்தால் அன்றைய கலர் திரையில் ஊதாத் திட்டு விழும். பழையதில் அது கிடையாது.

அன்று செய்தி மட்டும் பார்த்தவருக்குப் பழையதே போதுமானதாக இருந்தது. நடனமும் பந்தாட்டமும் பார்த்தவர் கலர் வாங்கியிருக்கலாம், முதலில் ஏரியலைச் சரிசெய்துவிட்டு.