டப்ளினுக்குக் கைமாறும் வேலை: நாட்குறிப்பா, டிக்கெட்டா, போனா, 'இப்படியானால்' குறிப்பா?

என் ஷிப்ட் காலை 6 மணிக்குத் தொடங்கி மதியம் 2.30-க்கு முடிகிறது. நான் வேலை பார்ப்பது சேலம் அஸ்தம்பட்டியில், வீட்டு மாடி அறையில். கோடைக் காலத்தில் அப்போது டப்ளினில் காலை 10 மணி. அங்கே ஆத்தூர்க்காரத் தம்பி ஒருவர் என்னிடமிருந்து வேலையை வாங்கிக்கொள்வார். இருவரும் காவல் காப்பது ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களை. முடியாத வேலையை அவர் கையில் ஒப்படைக்க நான்கு வழிகளை முயன்று பார்த்துவிட்டோம். எது தேறும் என்பதைப் போன ஜூலையில் நடந்த ஒரே சம்பவத்தை வைத்துச் சொல்கிறேன்.

காலை 8.30-க்கு, அறிக்கைகளுக்காகத் தரவை இழுத்துக்கொண்டிருந்த புரோகிராம் நின்றுவிட்டது. அது நின்றாலும் அதற்கென ஒதுக்கிய ஸ்லாட் தரவுத்தளத்தில் அப்படியே இருக்கும். 'அவன் இன்னும் படிக்கவில்லை' என்று சொல்லி, மாற்றங்களைப் பதியும் WAL கோப்புகளை அழிக்கவிடாமல் பிடித்து வைக்கும். கோப்புகள் மணிக்கு 12 ஜிபி வீதம் குவிந்தன. அவற்றுக்கான டிஸ்க் 200 ஜிபி. என் ஷிப்ட் முடியும்போது 92 ஜிபி நிரம்பியிருந்தது. கணக்குப்படி இரவு 11.30-க்கு டிஸ்க் முழுவதும் நிரம்பும். நிரம்பினால் தரவுத்தளமே நின்றுபோகும்.

அன்று நான் கொடுத்தது நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு என்ன பார்த்தேன், யாரிடம் பேசினேன் என்று வரிசையாக இரண்டு பக்கம். எழுதுபவருக்கு இதைவிட எளிதானது கிடையாது, வேலை செய்யச் செய்ய எழுதிக்கொண்டே போகலாம். பிறகு காரணம் தேடும்போதும் இதுதான் கைகொடுக்கும். ஆனால் படிப்பவருக்குத் தேவையானது கடைசி வரிகளில் கிடக்கிறது. என் கடைசி வரி இது: 'ரிப்போர்ட் டீம் 17:00 IST-க்குள் சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.'

அந்த மூன்று எழுத்துதான் வம்பானது. எனக்கு அது இந்திய நேரம். அயர்லாந்திலோ கோடைக்கால நேரத்துக்கே 'ஐரிஷ் ஸ்டாண்டர்ட் டைம்' என்றுதான் பெயர், அதையும் IST என்றே சுருக்குவார்கள். நான் சொன்ன மாலை 5 மணி டப்ளினில் 12.30. தம்பி எடுத்துக்கொண்டது அவருடைய மாலை 5, அதாவது நம்மூரில் இரவு 9.30. நான்கரை மணி நேரம் அவர் நியாயமாகவே காத்திருந்தார். நம்மூரில் இரவு 8.10-க்கு டிஸ்க் 80 சதவீதத்தைத் தொட்டு அலாரம் அடித்தது. வாக்குக் கொடுத்த நேரம் இன்னும் வரவில்லையே என்று பொறுத்தார். அவர் கணக்கில் நேரம் வந்தபோது டிஸ்க் 88 சதவீதம், ரிப்போர்ட் டீமில் போனை எடுக்க ஆளில்லை. வேறு வழியின்றி ஸ்லாட்டை நீக்கினார். தரவுத்தளம் பிழைத்தது. ஆனால் ஸ்லாட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து நகலெடுக்க வேண்டும். 600 ஜிபி. மறுநாள் மதியம் வரை ஒரு அறிக்கையும் வரவில்லை. "அக்கா, அஞ்சு மணிக்கே ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்னு இப்பதான் தெரியுது" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எழுதியது நான்.

சரி, டிக்கெட் மட்டும் போதாதா? டிக்கெட்டில் நிலை, பொறுப்பாளர், முன்னுரிமை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அவசரமில்லாத வேலைகளுக்கு இன்றும் அதுவே போதும் என்பேன். ஆனால் இந்த விஷயம் அதில் 'மற்றொரு குழுவுக்காகக் காத்திருக்கிறது' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கியிருக்கும். எதுவரை காத்திருப்பது, அதற்குள் டிஸ்க் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

போன் நல்ல வழிதான். குரலிலேயே அவசரம் தெரியும், அவர் கேள்வி கேட்கலாம். மாதத்தில் ஒரு வாரம் நான் ஏற்காட்டில் அம்மா வீட்டில் இருந்து வேலை செய்வேன். அங்கே இடி மழை பிடித்தால் லைன் போய்விடும், கிடைக்க வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரவேண்டும். அதுகூடப் பெரிதில்லை. போனில் சொன்னது ஐந்து மணி நேரம் கழித்து அலாரம் அடிக்கும்போது கண்முன் இருக்காது. அதனால் போன் எங்களுக்கு இப்போது குறிப்பின் மேல் ஒரு துணை மட்டுமே.

நான்காவது, இப்போது நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் வழி. மருத்துவமனைகளில் பயிற்சி டாக்டர்கள் ஷிப்ட் மாற்றும் ஐ-பாஸ் முறையிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டோம். இப்படியானால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதுவது ஒன்று. வாங்குபவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது மற்றொன்று. ஒன்பது மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவில் அந்த முறையைக் கொண்டுவந்தபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் ஆய்வு வெளிவந்தது. ஜூலைச் சம்பவத்தை அப்படி, உலகப் பொது நேரமான யூடிசி-யில் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்:

> நிலை: `report_slot` நின்றுவிட்டது. 09:00 யூடிசி-யில் டிஸ்க் 92/200 ஜிபி, மணிக்கு 12 ஜிபி ஏறுகிறது. 18:00 யூடிசி-யில் நிரம்பும்.
>
> அடுத்து: 11:30 யூடிசி-க்குள் ரிப்போர்ட் டீம் சரிசெய்ய வேண்டும். செய்யவில்லையென்றால் அப்போதே கூப்பிடுங்கள். 12:30-க்குப் பிறகு அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.
>
> இப்படியானால்: 160 ஜிபி தொட்டால் (சுமார் 14:40) ஸ்லாட்டை நீக்கலாம், அவர்கள் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நீக்கினால் 600 ஜிபி மறுநகல்.
>
> வேண்டாம்: `pg_wal` கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள்.

கீழே சரிபார்க்கும் கட்டளையும் போகும். தம்பி புதிதாக எதையும் தேட வேண்டாம்:

```sql
SELECT slot_name, active,
  pg_size_pretty(pg_wal_lsn_diff(
    pg_current_wal_lsn(), restart_lsn)) AS held
FROM pg_replication_slots;
```

`active` என்பது `t` ஆகி, `held` குறையத் தொடங்கினால் புரோகிராம் மீண்டுவிட்டது. இங்கே ஒரு வரி கட்டாயம் சேர்ப்பேன்: டிஸ்க் உடனே இறங்காது, அடுத்த செக்பாயிண்ட் ஆன பிறகுதான் கோப்புகள் போகும். இது தெரியாவிட்டால் சரியான வேலையும் தோற்றதுபோலத் தெரியும், பதறி ஸ்லாட்டை நீக்கிவிடுவார்கள்.

இதற்கும் குறை உண்டு. எழுத இருபது நிமிடம் பிடிக்கிறது, அதனால் ஒரு நாளைக்கு மூன்று விஷயத்துக்கு மேல் இப்படி எழுதுவதில்லை, மற்றவை டிக்கெட்டில்தான் போகும். எண்கள் பழசாகிவிடுவது இன்னொன்று. மாலையில் பெரிய பேட்ச் ஓடினால் 12 ஜிபி என்பது 20 ஆகும், 14:40 என்ற கணக்கு அர்த்தமிழக்கும். அதனால் எந்த நேரத்தில் அளந்தது என்பதை எண்ணோடு சேர்த்தே எழுதுகிறேன். தம்பி வந்ததும் முதலில் ஒருமுறை அளந்து பார்ப்பார்.

நாட்குறிப்பை விடவில்லை, குறிப்பின் அடியில் இணைப்பாகப் போகிறது. நேரம் எல்லாம் யூடிசி-யில் மட்டும். படித்து முடித்ததும் அவர் இரண்டு வரி திருப்பி எழுதுவார்: "அக்கா, 11:30-க்குக் கூப்பிடுறேன், 160 ஆனா நீக்குறேன், சரிதானே?" அதற்கு 'சரி' என்று பதில் போட்ட பிறகுதான் லேப்டாப்பை மூடுகிறேன்.