எஃப்ஐஐ சதவீதத்துக்கு அப்பால்: அந்நிய முதலீட்டு வரம்பு அட்டவணையோடு என் அனுபவம்

பங்குச் சந்தை ஆப்களில் எந்த கம்பெனியைத் தட்டினாலும் ஒரு வட்டப்படம் வந்துவிடும். ப்ரோமோட்டர் இவ்வளவு, வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்களான எஃப்ஐஐ இவ்வளவு, மியூச்சுவல் ஃபண்ட் இவ்வளவு, மிச்சம் பொதுமக்கள். அந்த எஃப்ஐஐ எண் ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்று முடித்துக்கொள்வோர்தான் அதிகம். வெளிநாட்டவர் இன்னும் எவ்வளவு வாங்க இடம் இருக்கிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. அதைச் சொல்லும் அட்டவணை வேறு ஒன்று. சில வருடங்களாக காலாண்டுதோறும் அதைப் பார்த்து வருகிறேன்.

செபி 2022-ல் பங்குதாரர் விவரப் படிவத்தை மாற்றியபோது அந்நிய முதலீட்டு வரம்புக்கென்று தனி அட்டவணை ஒன்றைச் சேர்த்தது. என்எஸ்இ அல்லது பிஎஸ்இ தளத்தில் கம்பெனியின் பக்கத்துக்குப் போய், ஷேர்ஹோல்டிங் பேட்டர்னைத் திறந்து, காலாண்டைத் தேர்ந்தெடுத்தால் மற்ற அட்டவணைகளோடு இதுவும் வரும். இரண்டே பத்திகள்: `Approved Limits (%)`, `Limits Utilized (%)`. அனுமதி எவ்வளவு, அதில் நிரம்பியது எவ்வளவு, அவ்வளவுதான். கீழே முந்தைய நான்கு காலாண்டுகளின் எண்களும் வரிசையாக இருக்கும். பழைய ஃபைலைத் தேடி அலைய வேண்டாம் என்பதே எனக்கு இதில் பெரிய சௌகரியம்.

முதல் பத்தியின் அருமை வங்கிகளை ஒப்பிடும்போது தெரியும். பொதுத்துறை வங்கிகளுக்கு அந்நிய முதலீட்டு வரம்பு 20 சதவீதம், தனியார் வங்கிகளுக்கு 74. ஆப்பில் இரண்டுக்கும் எஃப்ஐஐ 11 சதவீதம் என்று காட்டினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் முன்னதில் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது, பின்னதில் பெரும்பகுதி காலியாகக் கிடக்கிறது.

இரண்டாவது பத்திதான் பலரைக் குழப்பும். ஆப் காட்டும் எஃப்ஐஐ எண்ணைவிட இது பெரும்பாலும் பெரிதாக இருக்கும். காரணம், இங்கே கணக்கில் வருவது அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதிகளின்படி வெளிநாட்டில் வசிப்பவர்கள் செய்த மொத்த முதலீடு. வெளிநாட்டு ப்ரோமோட்டர், நேரடி முதலீடு, என்ஆர்ஐ, அமெரிக்காவில் விற்கும் ஏடிஆர் எல்லாமே இதற்குள் அடக்கம். ஹிந்துஸ்தான் யூனிலீவரில் யூனிலீவர் குழுமத்திடம் மட்டும் கிட்டத்தட்ட 62 சதவீதம் இருக்கிறது. வட்டப்படத்தில் அது ப்ரோமோட்டர் நிறத்துக்குள் ஒளிந்துகொள்ளும். எஃப்ஐஐ துண்டு சின்னதாகத் தெரியும்.

இந்த அட்டவணையின் முழுப் பயனையும் நான் கண்டது எச்டிஎஃப்சி வங்கி விஷயத்தில். எச்டிஎஃப்சி லிமிடெட் அதோடு இணைந்த பிறகு 2024-ல் சந்தை முழுக்க ஒரே பேச்சு, உலக ஃபண்டுகள் பின்பற்றும் எம்எஸ்சிஐ குறியீட்டில் இதன் எடை கூடுமா கூடாதா என்று. எம்எஸ்சிஐ 'ஃபாரின் ரூம்' என்று ஒன்றைக் கணக்கிடுகிறது: அனுமதித்த வரம்பில் இன்னும் எத்தனை பங்கு காலி என்பது. அது 25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எடையைக் குறைத்துவிடும். எச்டிஎஃப்சி வங்கிக்கு அப்போது பாதி எடைதான் கிடைத்துக்கொண்டிருந்தது.

2024 மார்ச் காலாண்டில் மொத்த அந்நியப் பங்கு 55.54 சதவீதம். வரம்பு 74. மிச்சம் 18.46. அதை 74-ஆல் வகுத்தால் 24.95 சதவீதம். மயிரிழையில் தவறியது. ஜூன் காலாண்டில் 54.83-க்கு இறங்கியது. மிச்சம் 19.17, வகுத்தால் 25.9. கோட்டைத் தாண்டியாயிற்று. ஜூலை தொடக்கத்தில் இந்த எண் வெளிவந்ததும் பங்கு புதிய உச்சத்துக்குப் போனது. வெளிநாட்டவர் பங்கு குறைந்த செய்திக்கு விலை ஏறியது, வட்டப்படம் மட்டும் பார்ப்பவருக்குப் பிடிபடவே பிடிபடாது. பிறகு எம்எஸ்சிஐ அந்த எடையை ஒரே தடவையில் தராமல் ஆகஸ்ட், நவம்பர் என்று இரண்டு தவணையாகத் தந்தது தனிக்கதை.

இதில் கவனிக்க வேண்டியது, ஆப்கள் எஃப்ஐஐ என்று காட்டும் எஃப்பிஐ வகையில் மட்டும் அந்த ஜூனில் இருந்தது சுமார் 47 சதவீதம்தான். அதை வைத்துக் கணக்குப் போட்டால் காலியிடம் 36 சதவீதம் வரும், எப்போதோ தகுதி பெற்றுவிட்டதே என்று தோன்றும். ஏடிஆரையும் சேர்த்த பிறகுதான் 54.83. `Limits Utilized (%)` மொத்தத்தைத் தருவதால் இந்த இடத்தில் சறுக்க வழியில்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. கம்பெனிக்காரர்கள் தாங்களே நிரப்பும் படிவம் என்பதால் எல்லோரும் ஒரே அளவுகோலில் நிரப்புவதில்லை. சிலர் மொத்த அந்நிய முதலீட்டு வரம்பை எழுதுகிறார்கள், சிலர் எஃப்பிஐ-க்கு மட்டுமான வரம்பை எழுதுகிறார்கள். நான் பார்த்த ஒரு நடுத்தர கம்பெனியில் வெளிநாட்டு ப்ரோமோட்டரிடமே பாதிக்கு மேல் பங்கு இருந்தது. பயன்படுத்திய வரம்பு என்று எழுதியிருந்ததோ ஒற்றை இலக்கம். சந்தேகம் வந்தால் மேலே உள்ள அட்டவணைகளில் வெளிநாட்டு ப்ரோமோட்டர், எஃப்பிஐ, என்ஆர்ஐ, டெபாசிட்டரி ரசீது வரிகளைக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பெரிதாகவும் கீழே எழுதியது சிறிதாகவும் இருந்தால் அது எஃப்பிஐ கணக்கு மட்டும்தான்.

துறையில் 100 சதவீதம் அனுமதி இருந்தும் சில கம்பெனிகள் 49 அல்லது 24 என்று காட்டும். இது பிழை அல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் எஃப்பிஐ-களின் மொத்த வரம்பு துறையின் உச்சவரம்பாகவே மாறியது. அதற்கு முந்தைய நாள் வரை, வேண்டுமென்றால் 24, 49, 74 என்று கீழே நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு கம்பெனிகளுக்கு இருந்தது. அப்படி நிறுத்தியவர்கள் பின்னர் போர்டு தீர்மானமும் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் போட்டு உயர்த்தலாம். உயர்த்திய பிறகு மறுபடி இறக்க முடியாது. எனவே இப்படிக் குறைவாகக் காட்டும் கம்பெனி அத்தகைய தீர்மானத்துக்கு நோட்டீஸ் அனுப்பினால் அதை நான் கவனித்துப் படிப்பேன்.

பெரிய குறை, வேகம். காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் தாக்கல் செய்தால் போதும் என்பதால் நீங்கள் பார்ப்பது எப்போதும் பழைய படம். வரம்பை நெருங்கும் பங்குகளுக்கு இது உதவாது. அதற்கு டெபாசிட்டரிகள் வெளியிடும் சிவப்புக்கொடிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். 2018 ஜூனிலிருந்து என்எஸ்டிஎல்லும் சிடிஎஸ்எல்லும் இந்தக் கண்காணிப்பைச் செய்கின்றன. காலியிடம் 3 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால் அந்தப் பங்குக்குக் கொடி ஏறும்; இன்னும் எத்தனை பங்கு வாங்கலாம் என்பது தினமும் சந்தை முடிந்ததும் புதுப்பிக்கப்படும். வரம்பைத் தாண்டிவிட்டால் வெளிநாட்டவர் மேற்கொண்டு வாங்குவதை எக்ஸ்சேஞ்சுகள் நிறுத்திவிடும். கூடுதலாக வாங்கியவர்கள் செட்டில்மெண்ட் நாளிலிருந்து 5 வர்த்தக நாளுக்குள் உள்நாட்டவருக்கு மட்டுமே விற்றாக வேண்டும். கையில் அந்தப் பங்கு இருந்தால் அந்த ஒரு வாரம் விற்பனை அழுத்தம் வர வாய்ப்பு உண்டு.

தினம் வாங்கி விற்பவருக்கு இந்த அட்டவணை தேவைப்படாது, பட்டியல் போதும். வங்கி, பாதுகாப்புத் தளவாடம், செய்தி ஊடகம் என்று உச்சவரம்பு உள்ள துறைகளில் நீண்டகாலத்துக்கு வாங்குபவர் காலாண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கலாம். 100 சதவீதம் அனுமதி உள்ள ஐடி கம்பெனிகளுக்கு நான் இதைப் பார்ப்பதே இல்லை.