ஒரு நாள் கணக்கா, ஐந்து நாள் கணக்கா? கொசுவுக்குப் பொடி பூசி எண்ணும் இரண்டு வழிகள்

வியாசர்பாடியில் கேப்டன் காட்டன் கால்வாயை ஒட்டிய சில தெருக்களில் எத்தனை கியூலக்ஸ் கொசு இருக்கிறது, இன்று உயிரோடு இருக்கும் கொசு நாளையும் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. கொசுவைப் பிடித்து, அடையாளம் போட்டு, விட்டு, மறுபடி பிடிப்பது என்று முடிவாகிவிட்டது. மறுபடி எத்தனை நாள் பிடிப்பது என்பதில்தான் விவாதம். மறுநாள் ஒரே ஒரு முறை போதும் என்றார்கள் சிலர். ஐந்து நாள் தொடர்ந்து பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி. கடைசியில் ஐந்து நாள்தான் செய்தோம். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அடையாளம் போடுவது இரண்டுக்கும் ஒன்றுதான். பொழுது சாயும் நேரத்தில் வீட்டுச் சுவரிலும் தொங்கும் துணிகளிலும் ஒதுங்கியிருக்கும் பெண் கொசுக்களை ஆஸ்பிரேட்டரால் உறிஞ்சிப் பிடிக்கிறோம். காகிதக் கோப்பையில் அடைத்து, மேலே கட்டிய வலை வழியாக ஒளிரும் பொடியை மிக லேசாகத் தூவுகிறோம். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் கொசுவின் மார்பும் கால்மடிப்புகளும் பச்சையாக மின்னும். பொடி அதிகமானால் கொசு செத்துவிடும். அதனால் பொடி பூசியதில் 50, பூசாததில் 50 என்று கூண்டில் வைத்துப் பார்ப்போம். பூசியது வேகமாகச் சாகிறது என்றால் அந்தத் தடவை விட்டதை வைத்துக் கணக்குப் போடுவதில் பொருளில்லை.

கொசுவை விடுவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் அனுமதி கேட்டோம். ஓர் அம்மா, “புடிச்ச கொசுவை மறுபடி எங்க தெருவுலயே வுடுவீங்களா தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடிக்கிற பெண் கொசுவைத்தான் விடுகிறோம். அதே தெருவில் பிடித்ததை மட்டுமே விடுவோம், வெளியிலிருந்து ஒன்றுகூடக் கொண்டுவர மாட்டோம், மறுநாளிலிருந்து பிடிப்பதைத் திருப்பி விடமாட்டோம் என்று சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தார்.

ஒரு நாள் கணக்கு எளிமையானது. 1896-இல் பீட்டர்சன் மீனுக்கும், 1930-இல் லிங்கன் வாத்துக்கும் பயன்படுத்திய அதே விகிதம்தான். விட்டதை மொத்தப் பிடிப்பால் பெருக்கி, அதில் அடையாளம் உள்ளவற்றின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஆள் செலவு குறைவு, ஒரே மாலையில் முடிந்துவிடும். ஆனால் விட்ட கொசு எல்லாம் மறுநாள் வரை உயிரோடு அங்கேயே இருக்கிறது என்று இது நம்புகிறது. மீனுக்கு அது சரி. கொசுவுக்குச் சரிவராது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றே தீர்மானிக்கிறது.

எண்களோடு பார்த்தால் புரியும். கணக்கு சுலபமாக ஓட நானே வைத்த எண்கள் இவை, எங்கள் களத்தில் கிடைத்தவை அல்ல. ஒரு மாலை 1000 கொசுவை விடுகிறோம். அடுத்த ஐந்து மாலைகளில் அடையாளத்தோடு கிடைத்தவை 24, 19, 16, 12, 10. முதல் நாள் மொத்தப் பிடிப்பு 300, மூன்றாம் நாள் 310, ஐந்தாம் நாள் 290.

லிங்கன் வழியில் முதல் நாள் கணக்கு 12,500 கொசு என்று சொல்லும். மூன்றாம் நாள் பிடிப்பை வைத்தால் 19,375. ஐந்தாம் நாளில் 29,000. ஐந்தே நாளில் தெருவில் கொசு இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிட்டதா? இல்லை. மொத்தப் பிடிப்பு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. பொடி பூசியவை செத்துக் குறைந்துகொண்டே வருகின்றன, நாமோ 1000-ஐயே வைத்துப் பெருக்குகிறோம். முதல் நாளோடு நிறுத்தியிருந்தால் இந்தத் தவறு கண்ணிலேயே பட்டிருக்காது. 12,500 என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

ஐந்து நாள் இருந்தால் குறையும் வேகத்தை அளக்கலாம். அடையாளத்தோடு கிடைத்த எண்ணிக்கை m-இன் மடக்கையை நாள் t-க்கு எதிராக வைத்து ஒரு நேர்கோடு போட வேண்டும். சாய்வு b, நாள் 0-இல் கோடு வெட்டும் இடம் a.

```
ln(m) = a + b*t      a = 3.40   b = -0.221
e^b   = 0.802
theta = e^a / (1000 + e^a) = 0.029
S     = e^b / (1 - theta)  = 0.826
```

இங்கே கவனிக்க வேண்டியது theta. ஒரு நாளில் ஒரு கொசு நம் கையில் சிக்கும் வாய்ப்பு அது. பிடித்ததை நாம் திருப்பி விடவில்லை. ஆகவே 0.802 என்ற சரிவில் சாவு மட்டுமல்ல, நாம் எடுத்ததும் சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் ஒரு நாள் பிழைக்கும் வாய்ப்பான S 0.826. வித்தியாசம் சின்னதுதானே என்று தோன்றும். யானைக்கால் புழு கொசுவுக்குள் முழுதாக வளர 12 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை நாள் தாண்டும் கொசு 0.802 என்றால் நூற்றுக்கு 7, 0.826 என்றால் நூற்றுக்கு 10.

இப்போது அந்த S-ஐ வைத்து எண்ணிக்கைக்குத் திரும்பலாம். முதல் நாள் உயிரோடு இருக்கும் அடையாளக் கொசு 1000 அல்ல, 826. மூன்றாம் நாள், நாம் எடுத்ததையும் கழித்தால், 531. ஐந்தாம் நாள் 342. இவற்றை வைத்துப் பெருக்கினால் முதல் நாள் சுமார் 10,300, மூன்றாம் நாள் 10,300, ஐந்தாம் நாள் 9,900. மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பிழைப்பு விகிதத்தைச் சேர்த்து எண்ணும் இந்த யோசனையை ஃபிஷரும் ஃபோர்டும் 1947-இல் ஒரு விட்டில் பூச்சிக்குச் செய்து காட்டினார்கள்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. கொசுவின் சூலகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பிரித்து, ஏற்கெனவே முட்டையிட்டதா என்று பார்ப்பது. எதையும் விட வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் பிழைப்பு விகிதம் மட்டும்தான் கிடைக்கும், எண்ணிக்கை வராது. பாதிக் கொசு முட்டையிட்டவை என்றால், முட்டைச் சுற்று 3 நாள் என்று வைத்தால் 0.79, 4 நாள் என்று வைத்தால் 0.84. அந்தச் சுற்றின் நீளத்தை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். நாளுக்கு ஒரு வண்ணம் பூசித் தினமும் விடுகிற முறையும் இருக்கிறது. அதை நான் ஒரே ஒரு முறைதான் செய்திருக்கிறேன், வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து எங்களைக் குழப்பியது. அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லமாட்டேன்.

ஐந்து நாள் முறையிலும் ஏமாறும் இடங்கள் உண்டு. பொடி தூவிய ஆஸ்பிரேட்டரையே பிடிக்கவும் எடுத்துப் போனால் புதுக் கொசுவிலும் பொடி ஒட்டும். காலில் மட்டும் ஓரிரு புள்ளி மின்னினால் சந்தேகப்பட வேண்டும். விட்ட இடத்துக்குப் பக்கத்து வீடுகளிலேயே அடையாளக் கொசு குவிந்து, தள்ளியுள்ள வீடுகளில் இல்லவே இல்லை என்றால் அவை இன்னும் கலக்கவில்லை. அந்த நாளை எண்ணிக்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதற்காகவே பிடிக்கும் வீடுகளைத் தூரவாரியாகப் பிரித்துத் தனித்தனியாக எழுதினோம்.

அப்புறம், செத்த கொசுவும் கால்வாயைத் தாண்டி அடுத்த பேட்டைக்குப் பறந்துபோன கொசுவும் இந்தக் கணக்குக்கு ஒன்றுதான். எண்ணிக்கைக்கு அதனால் கெடுதல் இல்லை. எப்படிப் போயிருந்தாலும் அது இந்தத் தெருவில் இல்லை, கழிக்கத்தான் வேண்டும். ஆயுளுக்கு அப்படி அல்ல. பறந்துபோனது எங்கோ உயிரோடுதான் இருக்கிறது. அதனால் அறிக்கையில் பிழைப்பு விகிதத்துக்கு முன்னால் மட்டும் ‘குறைந்தது’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினோம்.