முடியாட்சியா, தலைமுறையா? ஒரே கடைக்கு நான்கு சிலேடைப் பெயர்கள்

சிலேடையாகப் பெயர் வைக்க, முடிதிருத்தும் தொழிலைப் போலத் தோதான தொழில் தமிழில் வேறு இல்லை. ‘முடி’ என்றால் தலைமயிரும் உண்டு, கிரீடமும் உண்டு, ‘வேலையை முடி’ என்ற ஏவலும் உண்டு. ‘தலை’ எதன் முன்னால் வந்தாலும் ஒட்டிக்கொள்ளும். ‘வெட்டி’ என்பது கத்தரியின் வேலை. வேலை இல்லாதவனுக்குப் பட்டமும் அதுதான். இத்தனை இருப்பதால் யார் உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் நாலு பெயர் சொல்லிவிடலாம். அந்த நாலில் எது பலகையில் நிற்கும் என்பதுதான் கேள்வி.

அலசலுக்காக நான்கை எடுத்துக்கொள்கிறேன்: முடியாட்சி, கட்டழகு, தலைமுறை, வெட்டிப் பேச்சு.

முதலில் இவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம். தண்டியலங்காரம் சிலேடையை இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமல் அப்படியே வைத்து இரண்டு பொருள் கொண்டால் அது செம்மொழிச் சிலேடை. வேறு இடத்தில் பிரித்தால் வேறு பொருள் வந்தால் அது பிரிமொழிச் சிலேடை. செய்யுளுக்குச் சொன்ன இலக்கணம், கடைப் பலகைக்கும் அப்படியே பொருந்துகிறது. இரண்டையும் வாசிப்பவர் பிடிக்கிற விதம் வேறு. செம்மொழி சட்டென்று புரியும், சட்டென்று தீர்ந்தும் போகும். பிரிமொழியில் வாசிப்பவர் தானே ஒரு வெட்டுப் போட வேண்டும். அந்தச் சின்ன வேலையைச் செய்தவர் அந்தப் பெயரைப் பாதி தான் கண்டுபிடித்ததாகவே நினைத்துக்கொள்வார்; அடுத்தவரிடம் சொல்லியும் காட்டுவார்.

முடியாட்சி செம்மொழி வகை. முடி, ஆட்சி என்ற பிரிப்பு இரண்டு பொருளுக்கும் ஒன்றுதான். முடி மட்டும் கிரீடத்திலிருந்து மயிருக்குத் தாவுகிறது. பலகையைப் பார்த்த நொடியில் சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்தால் சிக்கலும் வரும். இரண்டாவது பொருளின்படி இது ‘மயிரின் ஆட்சி’. கடைக்கு வருபவரோ அந்த ஆட்சியை ஒழிக்கத்தான் வருகிறார். காதுக்கு மேல் வளர்ந்து தொல்லை கொடுப்பதை வெட்டச் சொல்லி வருகிறவருக்கு, வளர்ந்ததுதான் ராஜா என்று பலகை சொல்கிறது. வழுக்கை விழ ஆரம்பித்தவருக்கு அது இன்னும் நெருடும். அப்புறம் எழுத்தில் ஒரு பள்ளம்: முதல் மூன்று எழுத்து ‘முடியா’. ஒரு மரக்கிளையோ மின்கம்பமோ பலகையின் வலது பாதியை மறைத்தால் ‘முடியா...’ என்றுதான் தெரியும். தொழில் செய்கிற இடத்தில் அது வேண்டாத சொல்.

இந்த நான்கில் கெட்டிக்காரப் பெயர் கட்டழகுதான். வழக்கமான பிரிப்பு கட்டு + அழகு; கடைக்கான பிரிப்பு கட் + அழகு. முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர் ‘கட் பண்ணணும்’ என்றுதான் சொல்கிறார், ஆகவே ஒளிந்திருக்கும் சொல் வாடிக்கையாளரின் வாயிலிருந்தே எடுத்தது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்பது புணர்ச்சி விதி. கண் + அழகு கண்ணழகு ஆவது போல, கட் + அழகு என்பதும் விதிப்படி கட்டழகு ஆகிறது. ‘கட்’ கடன் சொல்; ஆனாலும் தமிழ் இலக்கணம் அதை ஒரு குறையும் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறது. ஒரு எழுத்தைக்கூட வளைக்காமல் இரண்டு பொருளும் நிற்பது அரிது. (பேசாமல் ‘கட்டிங்’ என்றே வைத்தால் என்ன என்று கேட்பவர்கள், அந்தச் சொல்லுக்கு மதுப்பிரியர்களும் கமிஷன் வாங்குபவர்களும் கொடுத்திருக்கும் பொருளை நினைத்துக்கொள்ளவும்.)

இதில் ஓவியர் செய்யக்கூடிய தவறு ஒன்று இருக்கிறது. ‘கட்’ என்பது தெரிய வேண்டுமே என்று முதல் இரண்டு எழுத்தைச் சிவப்பில் எழுதச் சொல்வார்கள். எழுதிப் பாருங்கள்: சிவப்பில் ‘கட்’, மீதி ‘டழகு’. ‘அழகு’ எங்கேயும் இல்லை. அதன் அகரம் இரண்டாவது டகரத்துக்குள் போய்விட்டது. சரி, பிரித்தே எழுதுவோம் என்று ‘கட் அழகு’ என்று எழுதினால் கட்டழகு காணாமல் போகும், சிலேடையும் போச்சு. இந்தப் பெயரை ஒரே நிறத்தில், ஒரே சொல்லாக எழுதிவிட்டு ஓரத்தில் ஒரு கத்தரி வரைந்தால் போதும். கத்தரியைப் பார்த்த கண் தானாகவே பிரித்துக்கொள்ளும்.

ஆனால் கட்டழகுக்குப் பெரிய குறை, முதல் பொருள் கடையை வேறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவது. கட்டழகு என்றதும் மனதில் வருவது உடம்பு. கத்தரிப் படம் கண்ணில் படாதவர் அதை உடற்பயிற்சிக் கூடம் என்றே நினைப்பார். போனில் பெயரை மட்டும் கேட்பவருக்கும் அதே கதி. வரைபடத்தில் தேடுபவர் ஆங்கில எழுத்தில் தட்டினால் kattazhagu என்பார் ஒருவர், kattalagu என்பார் இன்னொருவர். ழகரம் வந்த பெயர்களுக்கெல்லாம் உள்ள தலைவலிதான் என்றாலும், கடையைக் கண்டுபிடிப்பவருக்கு அது தலைவலிதானே.

தொழில் பெயரை இரண்டாவது வரியில் எழுதத் தயங்குபவர்கள் நிறைய. சிலேடை உடைந்துவிடும் என்று பயம். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் சிலேடை பாடினார். ஆடிக் குடத்துக்குள் போவது என்று ஆரம்பிக்கிறது அது. பாம்பு ஆடிவிட்டுக் குடத்தில் அடையும், எள் செக்கில் ஆட்டப்பட்டு எண்ணெயாகக் குடத்தில் அடையும். இவ்வளவு சாமர்த்தியம் காட்டியவரே கடைசி அடியில் பாம்பு, எள் என்று இரண்டையும் பெயர் சொல்லிவிடுகிறார். இரண்டும் எவை என்று தெரிந்தால்தான் ஒவ்வொரு சொல்லும் இரண்டு பக்கம் திரும்புவது தெரியும். பலகையில் ‘முடிதிருத்தகம்’ என்ற சின்ன வரி செய்வது அந்தக் கடைசி அடியின் வேலை. அது இல்லாவிட்டால் வாசிப்பவருக்கு ஒரு பொருள்தான் கிடைக்கும், அதுவும் கடைக்குச் சம்பந்தமில்லாத பொருள்.

வெட்டிப் பேச்சு கேட்டவுடன் எல்லாரும் சிரிக்கிற பெயர். முடி வெட்டும் இடம், ஊர்க்கதை பேசும் இடம், இரண்டும் ஒன்றாக வந்துவிட்டது. இலக்கணத்தில் சின்ன நொண்டல் உண்டு: ‘வெட்டி’ வினையெச்சமானால் அடுத்து வினை வர வேண்டும், இங்கே பேச்சு என்ற பெயர்ச்சொல் நிற்கிறது. காது அதை மன்னித்துவிடும். மன்னிக்க முடியாதது வேறு.

கடைப் பெயருக்கு நான் வைக்கும் சோதனை ‘க்கு’ சேர்த்துப் பார்ப்பது. பலகையில் இருக்கும் பெயர் அப்படியே யார் வாயிலும் வராது. வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டு, ஒரு வாக்கியத்துக்கு நடுவில்தான் வரும். அம்மா கேட்கிறார்:

“அவன் எங்கடா?”

“வெட்டிப் பேச்சுக்குப் போயிருக்கான்மா.”

அடி விழுவது உறுதி. சிரிப்பு பலகையோடு முடிந்துவிட்டது. வீட்டில் அந்தப் பெயர் வசவாக மாறிவிட்டது. இதையே ‘முடியாட்சிக்குப் போயிருக்கான்’ என்றால் கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கும், கெடுதல் இல்லை. ‘கட்டழகுக்குப் போயிருக்கான்’ என்றால் ஒரு புருவம் உயரும். ‘தலைமுறைக்குப் போயிருக்கான்’ என்றால் முதல் நாள் புரியாது, இரண்டாம் நாள் பழகிவிடும். சிலேடை பிடிபடாத வேகமான பேச்சிலும் மானம் போகாமல் இருக்க வேண்டும். ‘மயிர்க்கூச்சு’ என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். பொருள் அருமை, புல்லரிக்கிற அளவுக்கு வெட்டுவோம் என்று. அந்த முதல் சொல்லைத் தெருவில் சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். பேச்சு அதோடு நின்றது.

கடைசியாகத் தலைமுறை. முதல் பார்வைக்கு நான்கில் இதுதான் சப்பை. சிரிப்பு வராது. தலை, முறை என்று பிரித்தால் தலைக்கு ஒரு முறை, அதாவது முடி வெட்டும் முறை. சரி, நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் ‘முறை’க்கு இன்னொரு பொருள் உண்டு: என் முறை, உன் முறை. பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் இரண்டு பேர் எழுந்து போவதற்காகக் காத்திருக்கும்போது அது உறைக்கும். இங்கே தலைகளுக்குத்தான் முறை. இந்தப் பொருள் பலகையைப் பார்க்கும்போது கிடைக்காது, கடைக்குள் வந்தவருக்குத்தான் கிடைக்கும். மூன்றாவதாக வந்த பொருள்தான் பெயரை நினைவில் ஒட்டவைக்கிறது.

சிலேடைக்கு ஆயுள் கம்மி என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். தினமும் அந்த வழியே போகிறவர் ஒரு வாரத்தில் சிரிப்பதை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு பெயரின் முதல் பொருள் மட்டும்தான் பலகையில் மிச்சம். முடியாட்சியில் மிச்சம் ஒரு பழைய ஆட்சிமுறை, கட்டழகில் மிச்சம் உடம்பு, வெட்டிப் பேச்சில் மிச்சம் வெட்டிப் பேச்சு. தலைமுறையில் மிச்சம் இருப்பது, அப்பா வந்த கடைக்கு மகனும் வருகிறான் என்ற செய்தி. சிலேடை செத்த பிறகும் அது கடைக்காகப் பேசும்.

எனவே என் ஓட்டு தலைமுறைக்கு, ஒரு நிபந்தனையோடு. நேற்றுத் திறந்த கடைக்கு, வாடகை இடத்தில் தனியாக நிற்கும் இளைஞருக்கு, அது பொருந்தாத சட்டை. தலைமுறை எங்கே என்று கேட்பார்கள். அவருடைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள் என்றால் கட்டழகு வைக்கலாம், கத்தரியைப் பெரிதாக வரைந்து, இரண்டாவது வரியை மறக்காமல். முடியாட்சி வேண்டவே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர், மரம் மறைக்காத இடமாகப் பார்த்துப் பலகை மாட்டட்டும். வெட்டிப் பேச்சை விட மனமில்லாவிட்டால் வாசலில் வேண்டாம். உள்ளே, காத்திருக்கும் பெஞ்சுக்கு மேலே ஒரு சின்ன அட்டையில் எழுதி மாட்டிவிடலாம்.