விசா முடிவு எப்போது வரும் என்று தெரியாதபோது லீவு: மூன்று வழிகளில் எது நல்லது?

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறிய உதிரிபாகக் கம்பெனியில் பணியாளர் நிர்வாகம் என் பொறுப்பு. லீவு கடிதங்கள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். கணக்குப் பிரிவில் இருக்கும் ஓர் அண்ணன், ஜெர்மனியில் உள்ள மகள் வீட்டுக்குப் போக ஏப்ரல் 10 முதல் 30 வரை 21 நாள் லீவு கேட்டார். லீவுப் பேச்சு முடிந்த பிறகு, சென்னையில் மார்ச் 3 அன்று கைரேகை கொடுத்து, விண்ணப்பத்தையும் சேர்த்தார். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குச் சாதாரணமாக 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். கூடுதல் பரிசீலனை தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளலாம். மார்ச் 3 முதல் எண்ணினால் 15 நாள் மார்ச் 18-இல் முடிகிறது, 45 நாள் ஏப்ரல் 17-இல். அவர் கேட்ட ஏப்ரல் 10 இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் இருக்கிறது. சிக்கல் அதுதான்.

முதல் வழி, ஒரே தேதியை உறுதியாகக் கேட்டு அனுமதி வாங்கிவிடுவது. நிர்வாகத்துக்கு இதுதான் பிடிக்கும், மாற்று ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். கணக்கு வேலையில் இது சின்ன விஷயமில்லை. ஏப்ரல் 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன், 30-க்குள் மார்ச் மாத டிடிஎஸ் கட்டுவது என்று வரிசையாக வந்து நிற்கும். ஆனால் 9-ஆம் தேதி வரை பாஸ்போர்ட் வராவிட்டால் என்ன ஆகும்? லீவை ரத்து செய்ய வேண்டும், ஏற்பாடு செய்த ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கேட்டு, இவருக்காக விட்டுக்கொடுத்தவர் முகத்திலும் விழிக்க வேண்டும். புதிய தேதிக்கு மறுபடி கடிதம் எழுதும்போது முன்பு கிடைத்த அதே இணக்கம் கிடைக்காது.

இரண்டாவது வழி, பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு லீவு கேட்பது. கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஷெங்கன் விண்ணப்பத்தோடு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை லீவு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று முதலாளி தரும் கடிதமும் கேட்கிறார்கள். லீவே கேட்காமல் அந்தக் கடிதம் எப்படிக் கிடைக்கும்? அப்படியே சமாளித்தாலும், விசா வந்த மூன்றாம் நாளே கிளம்புகிறேன் என்று சொன்னால் வேலையை ஒப்படைக்க நேரம் இருக்காது. ஆகவே வேலையில் இருப்பவருக்கு, ஷெங்கன் பயணத்துக்கு, இந்த வழி அநேகமாக அடைபட்டதுதான்.

மூன்றாவது வழி, நிபந்தனையோடு இரண்டு தேதிக் கட்டங்களைக் கேட்பது. நாங்கள் இதைத்தான் செய்தோம். என் பார்வையில் இந்தச் சூழலுக்கு இதுவே சரி, ஆனால் எழுதும் விதம் சரியாக இருந்தால்தான். அண்ணன் முதலில் எழுதிக் கொண்டுவந்தது இப்படி: "விசா கிடைத்தவுடன், சுமார் ஏப்ரல் மாதம், மூன்று வாரம் லீவு வேண்டும்." முதலாளி படித்துவிட்டு, "எப்பண்ணே கிளம்புவீங்க? இருபதாம் தேதி ரிட்டர்ன யாரு போடுறது?" என்று கேட்டார். கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை.

பதில் இருக்க வேண்டுமென்றால் நான்கு விஷயங்கள் வேண்டும். முதலாவது, எது நடந்தால் லீவு தொடங்கும் என்பது. "விசா கிடைத்தால்" என்றால் முடிவு தெரிந்த நாளா, விசா ஒட்டிய பாஸ்போர்ட் மதுரைக்கு வந்த நாளா? இரண்டுக்கும் நடுவே கூரியரிலேயே சில நாள் போய்விடும்; ஏப்ரல் 14 புத்தாண்டு மாதிரி விடுமுறைகள் இன்னும் இழுக்கும். ஆகவே "பாஸ்போர்ட் என் கைக்கு வந்தால்" என்று எழுத வேண்டும். இரண்டாவது, கெடு. நாளோடு நேரமும் போட்டால், அந்த நாளும் சேருமா என்ற கேள்வி எழாது. மூன்றாவது, இரண்டு கட்டங்களின் தொடக்கம், முடிவு, வேலைக்குத் திரும்பும் நாள். நான்காவது, எதுவும் நடக்காவிட்டால் என்ன என்பது.

இரண்டாவது கட்டத்தை எங்கே வைப்பது என்பதுதான் இதில் கவனமாக யோசிக்க வேண்டிய இடம். ஷெங்கன் விதிப்படி, ஒருமுறை நுழையும் விசாவில் பயண நாட்களுக்கு மேல் 15 நாள் சலுகைக் காலம் சேர்த்துத் தருவது வழக்கம். 10 முதல் 30 வரை கேட்டவருக்கு விசா மே 15 வரை செல்லும், தங்கும் நாட்கள் மட்டும் 21-க்குள் இருக்க வேண்டும். அதனால் பயணத்தை 14 நாள் தள்ளலாம், ஒரு மாதம் தள்ள முடியாது. ஏப்ரல் 24 முதல் மே 14 வரை என்றால் அந்த வரம்புக்குள் அடங்குகிறது. 20-ஆம் தேதி ரிட்டர்னையும் அவரே முடித்துவிட்டுப் போகலாம். ஸ்டிக்கரில் அச்சாகி வரும் தேதிகளே இறுதியானவை, பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். பயணக் காப்பீட்டுத் தேதியையும் மாற்ற வேண்டியிருக்கும். கிளம்பும் முன் மாற்ற முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியில் எழுதிய கடிதம் இது:

"ஏப்ரல் 6 மாலை 5 மணிக்குள் விசாவுடன் பாஸ்போர்ட் என் கைக்கு வந்தால், ஏப்ரல் 10 முதல் 30 வரை ஈட்டிய விடுப்பு வேண்டுகிறேன், மே 1 விடுமுறை என்பதால் அடுத்த வேலைநாளில் பணிக்குத் திரும்புவேன். அதற்குள் வராமல் ஏப்ரல் 20 மாலை 5 மணிக்குள் வந்தால், ஏப்ரல் 24 முதல் மே 14 வரை வேண்டுகிறேன். மே 15 பணிக்குத் திரும்புவேன். அதற்குள்ளும் வராவிட்டாலோ, விசா மறுக்கப்பட்டாலோ இந்த விண்ணப்பம் தானாக ரத்தாகும், நாட்கள் என் கணக்கிலேயே இருக்கும். எந்தக் கட்டம் என்பதை பாஸ்போர்ட் வந்த அன்றே எழுத்தில் தெரிவிப்பேன்."

விசா கோப்புக்கு இந்தக் கடிதத்தைக் கொடுக்கக் கூடாது. அதற்கு விண்ணப்பம், காப்பீடு, விமான முன்பதிவு ஆகிய மூன்றிலும் இருக்கும் அதே தேதிகள் வேண்டும். ஏப்ரல் 10 முதல் 30 வரை லீவு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று தனிக் கடிதம் கொடுத்தோம். அது உண்மைதான், முதல் கட்டத்துக்கு முதலாளி ஒப்புதல் தந்திருந்தார். ஆனால் இதனால் ஒரு வரிசை உண்டாகிறது: லீவு பேச்சு முடிந்த பிறகே விண்ணப்பம் போக வேண்டும். விண்ணப்பம் போட்ட பின் லீவைப் பேசத் தொடங்கினால் கடிதமும் விண்ணப்பமும் முரண்படும்.

விசா முடிவு ஏப்ரல் 8-ஆம் தேதி தெரிந்தது, பாஸ்போர்ட் 13-ஆம் தேதி வந்தது. முதல் கெடு தாண்டிவிட்டதால் இரண்டாவது கட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று மாலையே அண்ணன் எழுத்தில் ஒரு வரி தெரிவித்தார், புதிய கடிதம் தேவைப்படவில்லை. மே 11 ஜிஎஸ்டிஆர்-1-க்கு மாற்று ஆளை வைத்தோம்.

மற்ற இரண்டு வழிகளும் வீண் என்று சொல்லமாட்டேன். பிரிட்டன் பார்வையாளர் விசா வழக்கமாக ஆறு மாதம் செல்லும். அமெரிக்கப் பார்வையாளர் விசா இன்னும் நீண்ட காலம் செல்லும். அங்கே விசா வந்த பிறகு ஒரு மாதம் தள்ளி லீவு கேட்டால் எதுவும் கெட்டுப்போகாது. அவற்றுக்கு இரண்டாவது வழியே போதும். அரசு ஊழியர்களுக்கு முதல் வழிதான் பொருந்தும். வெளிநாடு போக முன் அனுமதி வேண்டும், தேதி மாறினால் கோப்பு மறுபடி மேலே ஏற வேண்டியிருக்கும். அவர்கள் 45 நாளும் கூரியர் நாளும் கழிந்த பிறகு வரும் தேதியையே கேட்பது நல்லது. மார்ச் 3 அன்று கைரேகை கொடுப்பவர் ஏப்ரல் 10 கேட்பதைவிட மே முதல் வாரம் கேட்கலாம். ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே போடலாம் என்பதால் அதற்கு இடமும் இருக்கிறது.